நாப்சாக் டேபிளைக் கட்டம் கட்டமாக நிரப்புவது எப்படி

ஒரு பை 7 கிலோ வரை தாங்கும். எதிரில் நான்கு பொருட்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஓர் எடை, ஒரு மதிப்பு. ஒரு பொருளை முழுதாக எடுக்கலாம் அல்லது விட்டுவிடலாம். உடைத்துப் பாதி எடுக்க முடியாது, இரண்டு முறை எடுக்கவும் முடியாது. பைக்குள் போகும் மொத்த மதிப்பு அதிகபட்சம் எவ்வளவு? இதுதான் நாப்சாக் கணக்கு.

| பொருள் | எடை | மதிப்பு |
|---|---|---|
| க | 1 | 1 |
| ச | 3 | 5 |
| த | 4 | 7 |
| ப | 5 | 10 |

பார்த்தவுடன் கை ‘ப’-வை நோக்கித்தான் போகும். கிலோவுக்கு 2 மதிப்பு தருகிறது, மற்ற மூன்றும் அதைவிடக் குறைவு. சரி, அதை எடுப்போம். பையில் 2 கிலோ இடம் மிச்சம். அதில் ‘க’ மட்டும்தான் நுழையும். மொத்தம் 11. ஆனால் ‘ப’-வைத் தொடாமல் ‘ச’-வையும் ‘த’-வையும் எடுத்தால் எடை சரியாக 7, மதிப்பு 12. கிலோவுக்கு அதிகம் தருவதை முதலில் எடுக்கும் வழி இங்கே ஒரு மதிப்பு குறைவாகத்தான் தருகிறது. காரணம், ‘ப’ உள்ளே போனதும் ஒரு கிலோ இடம் எதற்கும் உதவாமல் வீணாகிவிடுகிறது.

எல்லாச் சேர்க்கைகளையும் முயன்று பார்க்கலாமே என்றால், நான்கு பொருட்களுக்கு 16 சேர்க்கைகள்தான், பார்த்துவிடலாம். 40 பொருட்கள் என்றால் அது ஒரு லட்சம் கோடியைத் தாண்டிவிடும். அதே 40 பொருட்களுக்கும் 1000 கிலோ தாங்கும் பைக்கும் டேபிள் போட்டால் 41,041 கட்டங்களோடு வேலை முடிகிறது. இப்படி டேபிள் போடும் வழிக்கு டைனமிக் புரோகிராமிங் என்று பெயர். 1950-களில் அந்தப் பெயரை வைத்தவர் கணிதவியலாளர் ரிச்சர்ட் பெல்மன். அந்தப் பெயரில் உள்ள புரோகிராமிங் என்ற சொல் திட்டமிடுதலைக் குறித்தது. அதனால் நிரலைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு, ஒரு தாளையும் பென்சிலையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கட்டம் என்ன சொல்கிறது

டேபிளை வரையும் முன் ஒரு வாக்கியத்தை எழுதிக்கொள்ள வேண்டும். ஒரு கட்டத்தில் இருக்கும் எண்ணுக்கு என்ன பொருள் என்று சொல்லும் வாக்கியம் அது. நம் டேபிளுக்கு அது இப்படி:

*இந்த வரிசை வரை உள்ள பொருட்களை மட்டும் வைத்துக்கொண்டு, இந்த நெடுவரிசை சொல்லும் எடைக்கு மிகாமல், அதிகபட்சம் சேர்க்கக்கூடிய மதிப்பு.*

இதை நான் ஒவ்வொரு முறையும் எழுதியே வைத்துக்கொள்கிறேன். இந்த டேபிளில் வரும் சந்தேகங்களில் பாதி, இந்த வாக்கியத்தைத் திரும்பப் படித்தாலே தீர்ந்துவிடும். ‘மிகாமல்’ என்ற சொல்லுக்கு அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். அது எவ்வளவு முக்கியம் என்று சீக்கிரமே தெரியும்.

வரிசைகள் ஐந்து: எந்தப் பொருளும் இல்லாத வரிசை ஒன்று, பிறகு க, ச, த, ப. நெடுவரிசைகள் 0 முதல் 7 வரை, மொத்தம் எட்டு. ஏழு இல்லை, எட்டு. எதுவும் கொள்ளாத பைக்கும் ஒரு நெடுவரிசை வேண்டும், ஏனென்றால் ஒரு பொருள் பையைச் சரியாக நிரப்பும்போது மீதி இடம் 0 ஆகிறது. அப்போது நாம் அந்த நெடுவரிசையைத்தான் போய்ப் பார்ப்போம்.

முதல் வரிசையில் எல்லாம் 0. பொருளே இல்லை, மதிப்பும் இல்லை.

‘க’ வரிசை

‘க’-வின் எடை 1. நெடுவரிசை 0-இல் அது நுழையாது, அதனால் 0. நெடுவரிசை 1-இல் நுழைகிறது, மதிப்பு 1. நெடுவரிசை 2-இல்? இங்கே பலர் 2 என்று எழுதிவிடுவார்கள். வாக்கியத்தைப் படியுங்கள்: நம்மிடம் இருப்பது ஒரே ஒரு ‘க’. 2 கிலோ இடம் இருந்தாலும் அதை ஒரு முறைதான் வைக்க முடியும். எனவே 1. அங்கிருந்து 7 வரை எல்லாமே 1. மீதி இடம் காலியாகக் கிடக்கும், அதில் தவறில்லை. ‘மிகாமல்’ என்றுதானே சொன்னோம்.

0 1 1 1 1 1 1 1

இந்த வரிசையை நினைவில் வையுங்கள், பின்னால் ஒரு பிழையைக் கண்டுபிடிக்க இதுதான் உதவப்போகிறது.

‘ச’ வரிசை

‘ச’-வின் எடை 3, மதிப்பு 5. நெடுவரிசை 0, 1, 2 மூன்றிலும் அது நுழையாது. நுழையாத இடத்தில் கேள்வியே இல்லை, மேலே உள்ள எண்ணை அப்படியே கீழே இறக்கிவிடலாம்: 0, 1, 1.

நெடுவரிசை 3-இலிருந்து ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு வழிகளை ஒப்பிட வேண்டும். ‘ச’-வை விட்டால் மேலே உள்ள எண் கிடைக்கும். எடுத்தால் 5 கிடைக்கும். கூடவே, பையில் மிச்சமாகும் இடத்தில் ‘ச’-வுக்கு முந்தைய பொருட்களால் சேர்க்க முடிந்ததும் கிடைக்கும். அந்த எண்ணைப் புதிதாகக் கணக்கிட வேண்டாம். மேல் வரிசையில் மூன்று கட்டம் இடப்பக்கம் போனால் அங்கே ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறோம்.

நெடுவரிசை 3: விட்டால் 1. எடுத்தால் 5, மேல் வரிசையின் நெடுவரிசை 0-இல் உள்ள 0-வையும் சேர்த்து 5. பெரியது 5.

நெடுவரிசை 4: விட்டால் 1. எடுத்தால் 5, மேல் வரிசையின் நெடுவரிசை 1-இல் உள்ள 1-ஐயும் சேர்த்து 6. பெரியது 6. இந்த 6 என்பது ‘க’, ‘ச’ இரண்டும் பையில் இருப்பதைக் குறிக்கிறது.

5, 6, 7 ஆகிய நெடுவரிசைகளிலும் இதே போல 6 வரும், ஏனென்றால் கையில் வேறு பொருள் இல்லை.

0 1 1 5 6 6 6 6

ஏன் மேல் வரிசையைப் பார்க்கிறோம், இதே வரிசையை ஏன் பார்க்கக் கூடாது? இதே வரிசையில் இடப்பக்கம் உள்ள எண்களில் ‘ச’ ஏற்கெனவே சேர்ந்திருக்கலாம். அதன் மேல் இன்னொரு ‘ச’-வைச் சேர்த்தால் ஒரே பொருளை இரண்டு முறை எடுத்தது போல ஆகிவிடும். மேல் வரிசையில் ‘ச’ என்ற பொருளே கிடையாது, அதனால் அது பாதுகாப்பான இடம். ஒரு பொருளுக்கு ஒரு முறை என்ற விதி மொத்தமும் இந்த ஒரு வரிசை இடைவெளியில்தான் இருக்கிறது.

‘த’ வரிசையும் ‘ப’ வரிசையும்

‘த’-வின் எடை 4, மதிப்பு 7. முதல் நான்கு கட்டங்களை மேலிருந்து இறக்குங்கள்: 0, 1, 1, 5. நெடுவரிசை 4-இல் விட்டால் 6, எடுத்தால் 7. ‘க’-வும் ‘ச’-வும் சேர்ந்து தந்த 6-ஐ ‘த’ ஒற்றையாகவே மிஞ்சுகிறது. நெடுவரிசை 5-இல் 6-க்கும் 7 + 1 = 8-க்கும் போட்டி, 8. நெடுவரிசை 6-இலும் அதே 8. நெடுவரிசை 7-இல்தான் பெரிய தாவல்: விட்டால் 6. எடுத்தால் 7, மிச்சம் 3 கிலோ, மேல் வரிசையின் நெடுவரிசை 3-இல் 5 இருக்கிறது, மொத்தம் 12.

கடைசியாக ‘ப’, எடை 5, மதிப்பு 10. முதல் ஐந்து கட்டங்கள் அப்படியே இறங்கும். நெடுவரிசை 5-இல் 8-க்கு எதிரே 10, பெரியது 10. நெடுவரிசை 6-இல் 8-க்கு எதிரே 10 + 1 = 11. நெடுவரிசை 7-இல் விட்டால் 12, எடுத்தால் 10 + 1 = 11. ‘விடு’ வெல்கிறது. தொடக்கத்தில் நம்மை ஏமாற்றிய பொருளை டேபிள் இந்த ஒரு கட்டத்தில் மறுத்துவிடுகிறது. அதே ‘ப’-வை 5 கிலோ பைக்கும் 6 கிலோ பைக்கும் அது ஏற்றுக்கொண்டிருப்பதையும் கவனியுங்கள்.

| | 0 | 1 | 2 | 3 | 4 | 5 | 6 | 7 |
|---|---|---|---|---|---|---|---|---|
| எதுவும் இல்லை | 0 | 0 | 0 | 0 | 0 | 0 | 0 | 0 |
| க | 0 | 1 | 1 | 1 | 1 | 1 | 1 | 1 |
| ச | 0 | 1 | 1 | 5 | 6 | 6 | 6 | 6 |
| த | 0 | 1 | 1 | 5 | 7 | 8 | 8 | 12 |
| ப | 0 | 1 | 1 | 5 | 7 | 10 | 11 | 12 |

விடை வலது கீழ் மூலையில் இருக்கிறது: 12.

நிரப்பி முடித்ததும் ஒரு சின்னச் சோதனை செய்யலாம். எந்த வரிசையிலும் இடமிருந்து வலமாகப் போகும்போது எண் குறையக் கூடாது, இடம் கூடினால் மதிப்பு எப்படிக் குறையும்? எந்த நெடுவரிசையிலும் மேலிருந்து கீழாகப் போகும்போதும் குறையக் கூடாது, புதிய பொருளை வேண்டாம் என்று விட எப்போதும் உரிமை உண்டே. நெடுவரிசை 0 முழுக்க 0-ஆகவே இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று மீறப்பட்டிருந்தாலும் எங்கோ பிழை இருக்கிறது.

எந்தப் பொருட்கள் என்று திரும்பிப் போய்ப் பார்ப்பது

12 என்ற எண் மட்டும் போதாது, எதை எடுப்பது என்றும் தெரிய வேண்டும். அதற்கு மூலையிலிருந்து மேல்நோக்கி நடக்கலாம். ஒவ்வொரு வரிசையிலும் ஒரே கேள்வி: இந்த எண்ணும் நேர் மேலே உள்ள எண்ணும் சமமா?

‘ப’ வரிசையில் 12, மேலேயும் 12. சமம், அதனால் ‘ப’ தேவைப்படவில்லை. நேர் மேலே போங்கள். ‘த’ வரிசையில் 12, மேலே 6. மாறியிருக்கிறது, அப்படியென்றால் ‘த’ பைக்குள் இருக்கிறது. ஒரு வரிசை மேலேறி, ‘த’-வின் எடையான 4 கட்டங்கள் இடப்பக்கம் நகர்ந்தால் ‘ச’ வரிசையின் நெடுவரிசை 3-க்கு வருவோம். அங்கே 5, மேலே 1. ‘ச’-வும் உள்ளே. மேலேறி 3 கட்டம் நகர்ந்தால் நெடுவரிசை 0. இனி எதுவும் நுழையாது. விடை ‘ச’, ‘த’.

எடுத்தாலும் விட்டாலும் ஒரே மதிப்பு வருகிற கட்டங்களும் சில கணக்குகளில் வரும். அங்கே சிறந்த சேர்க்கை ஒன்றுக்கு மேல் இருக்கிறது என்று பொருள். மேலே சொன்ன வழி அவற்றில் ஒன்றைத் தரும். அது போதும்.

நிரலாக எழுதும்போது

தாளில் செய்த அதே வேலைதான், வரிக்கு வரி:

```python
W = 7
items = [(1, 1), (3, 5), (4, 7), (5, 10)]
dp = [[0] * (W + 1) for _ in range(len(items) + 1)]
for i, (w, v) in enumerate(items, 1):
    for c in range(W + 1):
        dp[i][c] = dp[i-1][c]
        if c >= w:
            dp[i][c] = max(dp[i][c], v + dp[i-1][c-w])
print(dp[-1][W])
```

`if c >= w` என்ற வரியை மறந்துவிட்டால் என்ன ஆகும்? பல மொழிகளில் நிரல் அங்கேயே நின்றுவிடும் அல்லது குப்பை எண் வரும். பைத்தான் நிற்காது. அதில் `-1` என்றால் கடைசிக் கட்டம், `-2` என்றால் அதற்கு முந்தியது. ‘ச’ வரிசையின் நெடுவரிசை 0-இல் `c-w` என்பது -3, அது வலது ஓரத்திலிருந்து மூன்றாவது கட்டத்தில் உள்ள 1-ஐ எடுத்துக்கொண்டு 5 + 1 = 6 என்று எழுதிவிடும். எதுவுமே கொள்ளாத பையில் 6 மதிப்பு! நெடுவரிசை 0-இல் 0 அல்லாத எண்ணைப் பார்த்தால் முதலில் இந்த வரியைத் தேடுங்கள். இன்னொன்று, டேபிளை `[[0] * (W + 1)] * 5` என்று உருவாக்காதீர்கள். அது ஐந்து வரிசைகளைத் தராது, ஒரே வரிசைக்கு ஐந்து பெயர்களைத்தான் தரும். ஒன்றில் எழுதினால் ஐந்திலும் மாறும்.

ஒரே வரிசையாகச் சுருக்குவது

ஒவ்வொரு வரிசையும் தனக்கு நேர் மேலே உள்ளதை மட்டுமே பார்க்கிறது. அப்படியானால் ஒரே ஒரு வரிசையை வைத்துக்கொண்டு அதையே திருத்தித் திருத்தி எழுதலாம், நினைவகம் மிச்சமாகும். செய்யலாம், ஆனால் எந்தத் திசையில் எழுதுகிறோம் என்பதில் எல்லாம் இருக்கிறது.

```python
row = [0] * (W + 1)
for w, v in items:
    for c in range(W, w - 1, -1):
        row[c] = max(row[c], v + row[c-w])
```

உள் சுற்று வலமிருந்து இடமாகப் போகிறது. நெடுவரிசை 7-ஐ எழுதும்போது அதற்கு இடப்பக்கம் உள்ள எதுவும் இன்னும் மாறவில்லை, அதனால் `row[c-w]` என்பது பழைய வரிசையின் எண்ணாகவே இருக்கும். அதாவது இடப்பக்கம் இன்னும் மேல் வரிசை, வலப்பக்கம் ஏற்கெனவே புதிய வரிசை.

இதை இடமிருந்து வலமாக எழுதினால்? ‘க’-வை எடுத்துக்கொள்வோம். நெடுவரிசை 1 முதலில் 1 ஆகிறது. நெடுவரிசை 2 அந்தப் புதிய 1-ஐப் பார்த்து 1 + 1 = 2 என்கிறது. நெடுவரிசை 3 அதைப் பார்த்து 3 என்கிறது. வரிசை முடியும்போது:

0 1 2 3 4 5 6 7

ஒரே ஒரு ‘க’-வை ஏழு முறை எடுத்துவிட்டோம். வந்திருக்க வேண்டியது 0 1 1 1 1 1 1 1.

இந்தப் பிழையின் ஆபத்து எங்கே என்றால், அது வெளியே தெரியாமல் போகலாம். நம் நான்கு பொருட்களையும் இந்தத் தவறான திசையிலேயே கடைசி வரை நிரப்பிப் பாருங்கள். முடிவில் வருவது 0 1 2 5 7 10 11 12. சரியான கடைசி வரிசை 0 1 1 5 7 10 11 12. எட்டுக் கட்டங்களில் ஒன்றே ஒன்றுதான் வேறு, கடைசி எண் இரண்டிலும் 12! ‘ப’-வோடு ‘க’-வை இரண்டு முறை சேர்த்தாலும் எடை 7, மதிப்பு 12 வந்துவிடுவதுதான் காரணம். நானும் ஒருமுறை இப்படித் திசையை மாற்றி எழுதிவிட்டு, மாதிரி விடை பொருந்தியதால் சரிதான் என்று நம்பி, பெரிய உள்ளீட்டில் விடை தப்பியபோது பிழை எங்கே என்று தெரியாமல் ஒரு மாலை முழுவதும் தேடியிருக்கிறேன். அன்றிலிருந்து ஒரு பழக்கம்: ஒரே ஒரு பொருளை மட்டும் கொடுத்து, முழு வரிசையையும் அச்சிட்டுப் பார்ப்பேன். எண் ஒரு முறை ஏறி அப்படியே நின்றால் திசை சரி. படிப்படியாக ஏறிக்கொண்டே போனால் தவறு.

ஒவ்வொரு பொருளும் எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கும் என்று கணக்கு சொன்னால், அந்த இடமிருந்து வல வரிசைதான் சரியான விடை. ஒரு தொகையை நாணயங்களால் உண்டாக்கும் நாணய மாற்றுக் கணக்கில் ஒரே நாணயத்தைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம் அல்லவா, அதனால் அங்கே சுற்று இடமிருந்து வலமாக ஓடும். புதிதாக எழுதிய எண்ணை மறுபடி பார்ப்பது இங்கே பிழை, அங்கே தேவை.

நாணயக் கணக்குக்குப் போகும்போது வாக்கியமும் மாறும் என்பதை மறக்காதீர்கள். அங்கே தொகைக்கு ‘மிகாமல்’ என்று கேட்பதில்லை, ‘சரியாக’ என்று கேட்கிறார்கள். அப்போது தொடக்க வரிசையை எல்லாம் 0 என்று வைக்க முடியாது. நம் பையிலேயே அதைப் பார்க்கலாம். பை சரியாக நிரம்ப வேண்டும் என்று விதித்தால், நெடுவரிசை 2-க்கு விடையே கிடையாது, 1, 3, 4, 5 என்ற எடைகளை ஒவ்வொரு முறை எடுத்து 2 கிலோவை உண்டாக்க முடியாது. எனவே தொடக்கத்தில் நெடுவரிசை 0-இல் மட்டும் 0, மற்றதில் எல்லாம் ‘முடியாது’ என்ற குறி. பைத்தானில் அதற்கு `float('-inf')` வைக்கலாம். குறைந்தபட்ச நாணயங்களைத் தேடும்போது `max` போய் `min` வரும், குறியும் `float('inf')` ஆகும்.

ஒரே வரிசைக்குச் சுருக்கியதில் ஓர் இழப்பும் உண்டு. மேல் வரிசைகள் அழிந்துவிட்டதால் எந்தப் பொருட்கள் என்று திரும்பி நடக்க வழியில்லை. மதிப்பு மட்டும் போதும் என்றால் சுருக்குங்கள். பொருட்களின் பட்டியலும் வேண்டும் என்றால் முழு டேபிளையும் வைத்துக்கொள்ளுங்கள்.

டேபிள் எப்போது கைகொடுக்காது

சுருக்கினாலும் நேரம் குறைவதில்லை. பொருட்களின் எண்ணிக்கையைக் கொள்ளளவால் பெருக்கினால் எவ்வளவோ, அவ்வளவு கட்டங்களையும் தொட்டே ஆக வேண்டும். 100 பொருட்கள், கொள்ளளவு 100 கோடி என்றால் 10,000 கோடிக் கட்டங்கள். எடை 2.5 போலப் பின்னமாக வந்தால் எல்லாவற்றையும் பத்தால் பெருக்கி முழு எண்ணாக்க வேண்டும், டேபிளும் பத்து மடங்கு அகலமாகும்.

எடைகள் பெரியவை, மதிப்புகள் மட்டும் சிறியவை என்றால் டேபிளைத் திருப்பிப் போடலாம். நெடுவரிசையில் எடைக்குப் பதில் மதிப்பை வைத்து, வாக்கியத்தை இப்படி மாற்றுங்கள்: *இந்த வரிசை வரை உள்ள பொருட்களால் சரியாக இந்த மதிப்பைச் சேர்க்கத் தேவைப்படும் குறைந்தபட்ச எடை.* நம் நான்கு பொருட்களின் மொத்த மதிப்பு 23, அதனால் 0 முதல் 23 வரை 24 நெடுவரிசைகள். கொள்ளளவு எவ்வளவு பெரிதானாலும் இந்த அகலம் மாறாது. நிரப்பி முடித்த பின், கடைசி வரிசையில் 7-க்கு மிகாத எடை உள்ள கட்டங்களில் வலது கோடியில் இருப்பதைத் தேடுங்கள். நெடுவரிசை 13-இல் எடை 8, தாண்டிவிட்டது. அதற்கு வலப்பக்கம் எல்லாமே 8 அல்லது அதற்கு மேல், அல்லது ‘முடியாது’. நெடுவரிசை 12-இல் எடை 7, அதுதான் விடை.